தவணைத் தேதி யார் கையில்?

கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு தொழிற்கூடம், பெரிய நிறுவனம் ஒன்றுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்குச் சரக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பணம் 60ஆம் நாளில் வரவேண்டும். 15ஆம் நாளுக்குள் சரக்கும் பில்லும் சரிபார்க்கப்பட்டு ஒப்புதல் கிடைத்துவிடுகிறது. உடனே நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு வாய்ப்பு தெரிகிறது: ஆண்டுக்கு 12 சதவீதத் தள்ளுபடிக்கு இசைந்தால் பணம் இன்றே கிடைக்கும். மிச்சமுள்ள 45 நாளுக்குக் கணக்குப் போட்டால் தள்ளுபடி சுமார் 14,795 ரூபாய். தொழிற்கூடத்தின் கணக்கில் 9,85,205 ரூபாய் வந்து சேரும்.

வாங்குபவரே தன் கைப்பணத்தைக் கொண்டு நடத்தும் முன்கூட்டிய பணப்பட்டுவாடாத் திட்டத்தின் சாரம் இவ்வளவுதான். நிறுவனத்தின் உபரிப் பணம் வங்கியில் கிடந்தால் ஆறேழு சதவீதம் ஈட்டும். சிறு தொழிற்கூடம் வெளியில் கடன் வாங்கினால் 14 சதவீதமோ அதற்கு மேலோ ஆகலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் தள்ளுபடி அமைந்தால் இருவருக்குமே ஆதாயம். அடமானம் வேண்டாம், வங்கி மேலாளரின் அறைக்கு வெளியே காத்திருக்க வேண்டாம். எந்த பில்லுக்கு முன்பணம் பெறுவது, எதை விட்டுவிடுவது என்பதையும் சப்ளையரே முடிவுசெய்யலாம். சம்பள நாள் நெருங்கும்போது இதன் அருமை தெரியும்.

முன்பு வழங்கிவந்த நிலையான தள்ளுபடியைவிட இது நேர்மையானதும்கூட. 30 நாள் தவணையுள்ள பில்லை 10 நாளில் தீர்த்தால் 2 சதவீதம் கழிவு என்பது பழைய வழக்கம். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் வெறும் 20 நாளுக்காக விட்டுக்கொடுக்கும் அந்த 2 சதவீதத்தை ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 37 சதவீத வட்டிக்குச் சமம். நாள் குறையக் குறையத் தள்ளுபடியும் குறையும் புதிய முறையில் இந்த மறைவு இல்லை.

சிக்கல் வட்டி விகிதத்தில் இல்லை, 60 என்ற எண்ணில் இருக்கிறது. அந்தத் தேதியை வைப்பவரும், அதற்கு முன்பே தருவதாகச் சொல்லித் தள்ளுபடி வாங்குபவரும் ஒருவரே. தவணையை நீட்ட நீட்ட, முன்கூட்டித் தருவதாகச் சொல்லி விற்பதற்கு அவர் கையில் நாட்கள் கூடுகின்றன.

பிரிட்டனின் கரில்லியன் கட்டுமான நிறுவனம் இதைச் செய்துகாட்டியது. குறித்த காலத்தில் பணம் தருவோம் என்ற அந்நாட்டின் உறுதிமொழித் திட்டத்தில் கையெழுத்திட்ட நிறுவனம் அது. இருந்தும் அதன் வழக்கமான தவணை 120 நாள். 45 நாளில் பணம் வேண்டுமென்றால் சப்ளையர்கள் ஒரு பகுதியை இழக்கவேண்டும். முன்பணத்தைக் கொடுத்தவை வங்கிகள். கரில்லியன் பிறகு அவற்றுக்குத் திருப்பிச் செலுத்தும். செயலில் இது வங்கிக் கடன்தான். ஆனால் கணக்கேட்டில் அது கடன் என்ற தலைப்பில் வரவில்லை. 2018 ஜனவரியில் நிறுவனம் சரிந்தபோது ஏறத்தாழ 30,000 சப்ளையர்களுக்குப் பாக்கி நின்றது. நாடாளுமன்றக் குழுவின் விசாரணை அறிக்கை இந்த ஏற்பாட்டைக் கடுமையாகச் சாடியது. வங்கிப் பணத்தில் நடக்கும் இத்தகைய ஏற்பாடுகளை நிறுவனங்கள் தனியே வெளியிட வேண்டும் என்ற சர்வதேசக் கணக்கியல் விதி 2024இல்தான் நடைமுறைக்கு வந்தது. கைப்பணத்தில் நடக்கும் திட்டத்தில் இந்த ஆபத்து குறைவு என்றாலும், தவணையை நீட்டும் ஆசை அதற்கும் உண்டு.

இந்தியாவில் இந்த ஆசைக்குச் சட்டத்தில் ஒரு கடிவாளம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கைப் பெற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்கலாம் என்ற விதியும் 2024இல் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே கோவைத் தொழிற்கூடம் பதிவுபெற்ற சிறு நிறுவனமாக இருந்தால், அதன் பில்லில் 60 என்ற எண்ணே செல்லாது. அப்போது 15ஆம் நாளில் பணம் பெறுவதால் அதற்குக் கிடைக்கும் உண்மையான முன்கூட்டல் 30 நாள்தான். தள்ளுபடி 9,863 ரூபாயோடு நிற்கவேண்டும். எஞ்சிய 4,932 ரூபாய், சட்டப்படி எப்படியும் கிடைக்கவேண்டிய நாட்களுக்காகப் பிடிக்கப்பட்ட பணம். ஆர்டர் போய்விடும் என்ற அச்சத்தில் பல சப்ளையர்கள் இதைத் தட்டிக்கேட்பதில்லை. நடுத்தர நிறுவனங்களுக்கோ இந்த 45 நாள் பாதுகாப்பே கிடையாது.

தள்ளுபடி விகிதத்தைத் தங்கள் வங்கியின் கேஷ் கிரெடிட் வட்டியோடு ஒப்பிடுவதோடு சப்ளையர்கள் நின்றுவிடக்கூடாது. திட்டம் வருவதற்கு முந்தைய ஒப்பந்தத்தில் தவணை எத்தனை நாள் இருந்தது, பில்லுக்கு ஒப்புதல் கிடைக்க எத்தனை நாள் ஆனது என்று பழைய பில்களை எடுத்துப் பார்க்கவேண்டும். திட்டம் வந்தபிறகு தவணை நீண்டிருந்தால், தாங்கள் இழந்த நாட்களையே விலை கொடுத்து வாங்குகிறார்கள். கைப்பணத் திட்டத்தை நிறுவனம் நினைத்த நேரத்தில் நிறுத்தலாம், அதுவும் பெரும்பாலும் சந்தையில் பணமுடை வரும்போது. அதை நம்பி வங்கி வரம்பைக் குறைத்துக்கொண்டவருக்கு அன்று வெளியில் கடன் கிடைப்பதும் கடினம்.