நடுநிசிக்கு ஒரு பாட்டு

கவலையால் உறக்கம் இழந்து கிடப்பவருக்கென்று பக்திப் பாட்டு இயற்றப் புகுகிறவர் நம் மரபில் முன்மாதிரி தேடினால் ஒரு விசித்திரத்தைக் காண்பார். நம் பக்தி இலக்கியத்தில் தாலாட்டப்படுவது பெரும்பாலும் தெய்வமே. குலசேகராழ்வார் இராமனைத் தாலாட்டினார். பெரியாழ்வார் கண்ணனைத் தாலாட்டினார். அர்த்தசாமத்தில் பள்ளியறைக்கு எழுந்தருளும் சுவாமிக்கு நாகஸ்வரத்தில் நீலாம்பரி ஒலிக்கிறது. அடியவரோ விழித்திருந்து பாடுகிறவர். அவரைத் துயிலச் செய்வதற்கென்றே அமைந்த பாடல்கள் அருமை.

ஆயினும் அந்த வேலைக்கு மிகவும் ஏற்ற பாட்டு ஒன்று ஐந்தாம் திருமுறையில் இருக்கிறது. பல்லவ மன்னனின் ஆணையால் நீற்றறையில் ஏழு நாள் அடைபட்டிருந்தபோது அப்பர் பாடியதாகச் சேக்கிழார் கூறும் திருக்குறுந்தொகைப் பதிகத்தின் முதற்பாட்டே அது. சுண்ணாம்புக் காளவாயின் வெப்பத்தில் இருப்பவர் அந்த வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், வீணை இசை, அந்திநிலவு, தென்றல், இளவேனில், வண்டு முரலும் பொய்கை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் குளிர்ந்த பொருள்களை அடுக்கிக்கொண்டே போய், இவை போன்றது இறைவனுடைய திருவடி நிழல் என்று கடைசி அடியில் நிறுத்துகிறார். அதில் வேண்டுகோள் இல்லை, வாக்குறுதி இல்லை, கட்டளையும் இல்லை. கவலையுற்ற மனத்தைச் சும்மா இரு என்று அதட்டாமல், செவிக்கும் கண்ணுக்கும் மேனிக்கும் தங்குவதற்கு ஓர் இடம் தருகிறது. நான்கே அடிகளாதலால் விளக்கேற்றாமலும் ஏடு தேடாமலும் இருட்டில் முழுவதையும் சொல்லிவிடலாம்.

ஆனால் அதே பதிகத்தைத் தொடர்ந்து பாடிப் பார்க்கிறவருக்கு வேறோர் அனுபவம் காத்திருக்கிறது. நான்காம் பாட்டை அடைவதற்குள் குரல் மாறிவிடுகிறது. நாணமற்றவர்களே, சுடுகாடு சேர்வது நிச்சயமாயிருக்க இந்தப் பொய்வாழ்வை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்னும் பொருள்பட இடித்துரைக்கிறது. பகலில், மதமதத்துத் திரியும் மனிதனை நோக்கிச் சொல்லும்போது அது மகத்தான உபதேசம். இரவு இரண்டு மணிக்கு, மார்பு படபடக்க மரணத்தையே நினைத்துக்கொண்டு கிடப்பவருக்கு அது எரிகிற தீயில் நெய். நம் பக்திப் பாட்டு பெரும்பாலும் உறங்குகிறவனை எழுப்புவதற்காக இயற்றப்பட்டதாதலால், கண்டனமும் நிலையாமையும் அதன் இயல்பிலேயே ஊறியிருக்கின்றன. இரவுப் பாட்டு எழுதுகிறவர் முதற்பாட்டின் வழியைக் கைக்கொண்டு நான்காம் பாட்டின் வழியை விலக்கவேண்டும் என்பதே என் கட்சி.

இக்காலத்தில் இவ்வகையில் எழுதப்படும் பாடல்களில் சுடுகாடு வருவதில்லை. அதனினும் நுட்பமான இரண்டு குறைகள் வருகின்றன. பொழுது விடிந்தால் துன்பமெல்லாம் தீரும் என்பது ஒன்று. விடிந்தவுடன் கடன்காரர் வாசலில் வந்து நிற்பார் என்பதைப் படுத்திருப்பவர் நன்றாக அறிவார். ஆகவே அந்த அடி அவரிடத்தில் பொய்யாகிறது, பொய்யான ஓர் அடி பாட்டு முழுவதன்மீதும் சந்தேகத்தை எழுப்புகிறது. மற்றது, நம்பினவன் உறங்குவான் என்று சொல்லுவது. உறக்கம் வராதவர் இதைக் கேட்டால், தமக்கு உறக்கம் மட்டுமன்று, விசுவாசமும் இல்லை போலும் என்று புதிதாக ஒரு கவலையைச் சேர்த்துக்கொள்கிறார். இந்தப் பிழை பெரிது. நல்ல மனத்தோடு எழுதுகிறவர்களே இதைச் செய்கிறார்கள்.

உதாரணமாக, ‘கவலையை விடு, கண்ணே உறங்கு’ என்று ஓர் அடி அமைந்தால், கவலையை விடுவது எப்படி என்று அது சொல்லவில்லை. வேறொருவர் தலைமாட்டில் நின்று ஏவுவதாகவும் படுகிறது. அதையே ‘நாளைக் கணக்கை நின்முன் வைத்தேன், விளக்கை அணைத்தேன் ஐயா’ என்று மாற்றினால் பாடுகிறவரே பேசுகிறார். கணக்கு இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. செய்யச் சொல்லும் காரியம் கையால் ஆகக்கூடிய சிறு காரியம். கண் மூடியதா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை. விழித்தே கிடந்தாலும் அந்த அடி மெய்யாக நிற்கும். சரணாகதி என்று சாஸ்திரம் பேசுவதன் ஒரு கூறு இவ்வளவில் அடங்கிவிடுகிறது.

இசையமைப்பிலும் ஓர் இடர் உண்டு. பல்லவி, அநுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை உருவத்தில் அநுபல்லவி பெரும்பாலும் மேல்ஷட்ஜத்தை நோக்கி ஏறும். கச்சேரிக்கு அது சோபை. வீட்டார் உறங்க, வாய்க்குள்ளே முனகிக்கொள்ளும் ஒருவருக்கோ அந்த ஏற்றத்தில் தொண்டை இறுகுகிறது, உடம்பு விழிக்கிறது. நீலாம்பரியிலேயே அமைத்தாலும் இது மாறாது. இராகத்தின் பெயர் மாத்திரம் துயில் தந்துவிடாது. அநுபல்லவியையே விட்டுவிட்டு, கீழ்ஸ்தாயியை ஒட்டிய ஒரே மெட்டில் எல்லாச் சரணங்களையும் பாடும்படி விளம்பத்தில் அமைப்பது நலம். மேலும், ஒவ்வொரு சரணமும் தனித்துப் பொருள் முடிந்து நிற்கவேண்டும். ஏனெனில் பாடுகிறவர் எந்தச் சரணத்தில் நிறுத்துவார் என்பது இயற்றுகிறவருக்குத் தெரியாது.