பிழையை வைக்கும் இடம்

கணிதப் பாடப்புத்தகத்தின் பயிற்சிப் பகுதியில், முழுக்கச் செய்து காட்டிய ஒரு கணக்கைக் கொடுத்து, "இவ்வழிமுறையிலுள்ள பிழையைக் காண்க" என்று கேட்கும் வினாக்கள் சில வருவதுண்டு. எங்கேனும் ஓரெண்ணைத் தவறாக மாற்றி வைத்துவிட்டால் இத்தகைய வினா ஆகிவிடும் என்று எண்ணுபவர் ஆசிரியர்களிலும் பலர். ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று நடுவே எழுதி வைத்தால் அதைக் கண்டுபிடிக்கிற மாணவன் கணிதம் கற்பதில்லை. அச்சுப் பிழை திருத்துகிறான். கற்றுக்கொள்ளத் தக்க பிழையோ, அதைச் செய்தவனுக்கு முற்றிலும் நியாயமாகத் தோன்றிய பிழை. மூலகங்களை இயற்றிய யூக்ளிட், போலி வாதங்களை இனங்காண மாணவரைப் பழக்குவதற்கென்றே தனி நூலொன்று செய்திருந்தார் என்று ஐந்தாம் நூற்றாண்டினரான புரோக்ளஸ் தம் உரையில் குறிக்கிறார். அந்நூல் நமக்குக் கிடைக்கவில்லை என்பது என்னைப் போன்ற பிழை ரசிகர்களுக்குப் பெரிய நஷ்டம்.

இந்த வித்தையில் நான் முதன்முதலாக இறங்கியபோது பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். அடைப்புக்குறிக்கு முன்னிருக்கும் எண், அடைப்புக்குள் இருப்பதைப் பெருக்குவதற்கு உரியது என்பதை மறந்து, வெளியிலுள்ள எண்களை முதலில் கழித்துவிடும் பழக்கம் மாணவரிடையே சர்வசாதாரணம். அதை அம்பலப்படுத்தக் கருதி, 5 − 2(x − 3) = 3 என்னும் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதி, ஐந்தில் இரண்டு போக மூன்று என்று 3(x − 3) = 3 ஆக்கி, x − 3 = 1, ஆகவே x = 4 என்று முடித்து, பிழை எங்கே என்று கம்பீரமாகக் கேட்டேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் நான்கைச் சமன்பாட்டிலே பொருத்திப் பார்த்துவிட்டு, "சார், விடை சரியாய்த்தானே இருக்கிறது?" என்றான். சரியாகத்தான் இருந்தது. வழி முழுவதும் தவறு. போய்ச் சேர்ந்த ஊர் மட்டும் சரி.

அன்றிரவு அதன் காரணத்தைத் தேடிப் பார்த்தேன். நான் எடுத்துக்கொண்ட எண்களில் ஐந்தில் இரண்டு போனால் வருவது மூன்று; வலப்புறம் இருந்ததும் அதே மூன்று. அப்படி அமைந்துவிட்டால் அடைப்புக்குள் இருப்பதன் மதிப்பு ஒன்றாகிவிடுகிறது. ஒன்றால் பெருக்கினாலும் பெருக்காவிட்டாலும் வித்தியாசம் தெரியாதாகையால், தவறான வழியும் சரியான வழியும் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன. எண்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், எந்தப் பிழையை வைக்கப் போகிறோமோ அந்தப் பிழையின் வழியாகவே கணக்கை ஒருமுறை இறுதிவரை நடத்திப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை அந்தப் பையன்தான் எனக்குக் கற்பித்தான்.

இப்போது, எனக்குப் பிடித்தமான ஒரு வினாவை முழுமையாகத் தருகிறேன்.

```
20 − 3(x − 4) = 2
20 − 3x − 12 = 2
8 − 3x = 2
8 − 2 = 3x
6 = 3x
x = 2
```

பிழை இரண்டாம் வரியில் இருக்கிறது. கழித்தல் மூன்றைக் கழித்தல் நான்கால் பெருக்கினால் கூட்டல் பன்னிரண்டு வர வேண்டும். இங்கே கழித்தல் பன்னிரண்டு வந்திருக்கிறது. சரியாகச் செய்தால் 32 − 3x = 2 என்றாகி, x = 10 கிடைக்கும். இதன் அழகு என்னவென்றால், பிழையான விடையாகிய இரண்டும் பத்தைப் போலவே முழு எண்ணாய், கண்ணுக்கு இனியதாய் நிற்கிறது. தவறான விடை பதினேழில் இரண்டு பங்கு என்பதுபோல் பின்னமாய் வந்துவிட்டால், மாணவன் வரிகளை வாசிக்காமலே சந்தேகம் கொண்டுவிடுவான். குறியில் நேரும் இப்பிழைக்கோ ஒரு விசேஷ குணம் உண்டு. x தனித்து நிற்கும் இப்படிப்பட்ட அடைப்புக்குறியில், சரியான விடைக்கும் தவறான விடைக்கும் உள்ள வித்தியாசம் எப்பொழுதும் அடைப்புக்குள்ளிருக்கும் எண்ணின் இருமடங்கு. இங்கே நான்கின் இருமடங்காகிய எட்டு. அவ்வெண்ணும் சரியான விடையும் முழு எண்ணாயிருந்தால் தவறானதும் முழு எண்ணாகவே இருந்து தீரும். ஒளிந்துகொள்வதற்கென்றே பிறந்த பிழை இது.

நான்காம் வரியையும் கவனிக்க வேண்டுகிறேன். மாறியை வலப்புறத்துக்குக் கொண்டுபோயிருப்பது வழக்கத்துக்கு மாறானதே அன்றித் தவறன்று. ஆயினும், சமன்பாட்டின் உருவத்தையே பார்த்துப் பழகிய மாணவர்கள் ஓடிவந்து கைவைக்கிற இடம் அதுதான். ஒரேயொரு பிழையும், பிழைபோல் தோன்றும் ஒரு நல்ல வரியும் இருந்தால் போதும். அதற்குமேல் பொறி வைப்பது குரூரம். இரண்டு பிழைகளை வைப்பவர்களை நான் மன்னிப்பதேயில்லை, ஏனெனில் ஒன்றைக் கண்டவன் நின்றுவிடுவதா தேடுவதா என்று அறியாமல் தவிக்கிறான்.

வினாவின் வாசகமும் அற்ப விஷயமன்று. "எந்த வரி தவறு?" என்று கேட்டால், x = 2 என்னும் கடைசி வரியைக் காட்டுகிறவனை நாம் மறுக்க முடியாது; அந்த விடை சமன்பாட்டுக்குப் பொருந்தாதென்பது உண்மைதானே. பிழை வேறு, பிழையின் சந்ததி வேறு. மூன்றாம் வரி முதல் ஆறாம் வரி வரை ஒவ்வொன்றும் தனக்கு முந்திய வரியிலிருந்து குற்றமின்றிப் பிறந்ததே. ஆகையால், "முந்திய வரியிலிருந்து பெறப்படாத முதல் வரி எது?" என்று கேட்பதே முறை. அதன்பின், "இதை எழுதியவர் என்ன நினைத்து எழுதியிருப்பார்?" என்று ஒரு கிளை வினா கேட்கலாம். நான்குக்கு முன் கழித்தல் குறி ஏற்கெனவே இருக்கிறதே, அதை அப்படியே விட்டுவிட்டு மூன்றால் பெருக்கினால் போதும் என்று அவர் நினைத்திருக்கலாம். அல்லது x + 4 என்று படித்திருக்கலாம். 20 − 3(x + 4) என்றிருந்தால் அவர் எழுதிய இரண்டாம் வரி அட்சரம் பிசகாமல் சரி. தவறான வரி எந்தக் கணக்குக்குச் சரியான வரி என்று தேடச் செய்வதைவிடச் சுவையான பயிற்சி ஒன்றை நான் அறியேன்.

இனி, இந்தக் கணக்கில் நான் மிகவும் மோகம் கொண்ட இடம். தவறான விடையாகிய இரண்டை மூலச் சமன்பாட்டில் பொருத்தினால் இடப்புறம் 26 வருகிறது. வர வேண்டியது 2. வித்தியாசம் 24. அதில் பாதி 12, எந்தப் பன்னிரண்டு குறி மாறி நின்றதோ அதே பன்னிரண்டு! பேரேடு எழுதிப் பழகிய பழைய கணக்கப்பிள்ளைகளுக்கு இந்த யுக்தி நன்றாகத் தெரியும்: பற்றுக்கும் வரவுக்கும் மொத்தம் ஒவ்வாமல் போனால், வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை எந்தப் பக்கத்தில் இடம் மாறி விழுந்திருக்கிறதென்று தேடுவார்கள். கூட்ட வேண்டியதைக் கழித்தால் நட்டம் இருமடங்கு என்பதே இரண்டிடத்தும் காரணம். வேறு பிழையாலும் தற்செயலாக அந்த வித்தியாசம் நேரக்கூடுமாதலால் இது அனுமானமே அன்றி நிரூபணமன்று. வரிகளைப் படித்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆனாலும், சரிபார்த்தல் என்பது சரி, தவறு என்று சொல்லி வாயை மூடிக்கொள்ளும் சடங்கென்று எண்ணியிருந்த மாணவன், அது பிழையின் முகவரியையும் சொல்லக்கூடும் என்று காணும்போது அவன் முகத்தில் வரும் மாறுதலைப் பார்ப்பதற்காகவே நான் எண்களை இப்படிப் பொறுக்குகிறேன்.

15 − 4(x − 2) = 3 என்னும் சமன்பாட்டுக்கு ஒரு மாணவி x = 1 என்று விடை எழுதியிருக்கிறாள்; அவள் வழிமுறை எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. அதைப் பாராமலே அவள் எந்த வரியில் என்ன எழுதினாள் என்று வாசகர்கள் சொல்லிப் பார்க்கட்டும்.