கடவுச்சொல் கேட்ட கருவி

வருசநாட்டில் இலவம்பஞ்சுத் தலையணை விற்கும் அண்ணிக்கு இன்ஸ்டாகிராம்தான் கடை. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது நான். ஒரு வாரத்துப் படங்களை ஒரே மூச்சில் ஏற்றிவிட்டால் உரிய நேரத்தில் தானே போட்டுவிடும் கருவி ஒன்றைச் சில மாதமாகப் பயன்படுத்தினேன். காலண்டர் அழகு, விலையும் மலிவு. ஆனால் கணக்கு திடீர் திடீரென்று வெளியேறிவிடும். மறுபடி நுழைந்தால் லைக் போட முடியாது, கமெண்டுக்குப் பதில் சொல்ல முடியாது. "Try Again Later" என்று வந்து நிற்கும்.

காரணம், இந்தக் கருவி இன்ஸ்டாகிராமின் அனுமதிப் பக்கத்துக்கு நம்மை அனுப்புவதில்லை. தன் பெட்டியிலேயே கடவுச்சொல்லை வாங்கி, எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து நம் பெயரில் நுழைகிறது. போன் வருசநாட்டில் இருக்க, அதே நேரத்தில் வேறொரு ஊரிலிருந்தும் நுழைவு நடந்தால் இன்ஸ்டாகிராம் திருட்டு என்று சந்தேகிக்காமல் என்ன செய்யும்? போதாததற்கு, கூடுதல் சேவை என்ற பெயரில் தானே லைக்கும் ஃபாலோவும் போட்டுக்கொண்டிருந்தது. தடை வந்தது அதனால்தான்.

அனுமதியை நீக்கலாம் என்று அமைப்புகளில் "Apps and websites" பகுதியைத் திறந்தால் பட்டியல் காலி. முறையான அனுமதி வாங்கிய செயலிகள் மட்டுமே அங்கே தெரியும். ஃபேஸ்புக் வழியாக இணைந்தவையோ ஃபேஸ்புக் அமைப்புகளில் "Business integrations" என்ற இடத்தில் இருக்கும். இரண்டு இடத்திலும் இல்லையென்றால், அது கடவுச்சொல்லை வைத்து நுழைகிறது என்று பொருள். நாம் சாவியையே கொடுத்திருக்கிறோம். பூட்டை மாற்றினால்தான் உண்டு.

மாற்றுவதிலும் வரிசை முக்கியம். முதலில் கருவிக்குள் போய்க் கணக்கைத் துண்டிக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய கடவுச்சொல்லை வைத்து அது கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். தோற்ற முயற்சிகளும் சந்தேகக் கணக்கில்தான் சேரும். (துண்டிக்கும் பொத்தானை மூன்று மெனுவுக்கு அடியில் ஒளித்து வைத்தவரை நேரில் பார்க்க ஆசை.) பிறகு கடவுச்சொல்லை மாற்றி, "Where you're logged in" பட்டியலில் தெரியாத சாதனங்களை வெளியேற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட வேண்டும். அதன்பின் பொறுமை. தடை நீங்கிவிட்டதா என்று அடிக்கடி லைக் போட்டுப் பார்க்காமல் சில நாள் சும்மா விடுவதே நல்லது.

துண்டித்தாலும் ஏற்கெனவே வெளியான படங்கள் அப்படியே இருக்கும். வரிசையில் காத்திருந்தவை போகாது. அவற்றை இன்ஸ்டாகிராம் செயலியிலேயே ஏற்றிவிட்டேன். தொழில்முறைக் கணக்கு வைத்திருப்பவர்கள் 75 நாள் வரை முன்கூட்டியே படங்களைத் திட்டமிடும் வசதி 2022 முதல் அதிலேயே உண்டு. காலண்டர் சுமார்தான், ஆனால் வெளியேற்றம் இல்லை.

கருவிக்கு யுபிஐ ஆட்டோபே கொடுத்திருந்தால் அதையும் பணம் செலுத்தும் செயலியில் தனியாக ரத்து செய்யுங்கள். இன்ஸ்டாகிராம் அனுமதியை எடுத்துவிட்டாலும் மாதச் சந்தா தானாக நிற்பதில்லை.