நடந்ததா, நடவாததா?

ஆங்கிலத்தில் கடந்துபோன காரியத்தை நினைத்து வருந்துவதற்கும், நடந்திருக்கக்கூடியதை ஊகிப்பதற்கும் வழங்கும் ‘ஷுட் ஹேவ்’, ‘குட் ஹேவ்’, ‘மைட் ஹேவ்’ என்னும் பிரயோகங்களை, செய்திருக்க வேண்டும், செய்திருக்க முடியும், செய்திருக்கலாம் என்று மூன்று வாய்பாடுகளாக்கி மாணவருக்கு மனப்பாடம் செய்விப்பது நம் பள்ளிகளின் வழக்கம். இவ்வாய்பாடுகளை நான் முழுதும் தள்ளிவிட மாட்டேன்; ஆனால் அம்மொழி இம்மூன்றையும் கொண்டு சாதிக்கும் நுட்பமும், இம்மூன்றால் அதற்கே நேரும் மயக்கமும் அவற்றில் அடங்குவதில்லை என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் சிறப்பைச் சொல்ல வேண்டும். இரவில் நெஞ்சுவலி என்று சொன்ன தகப்பனாரை விடிந்த பிறகே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அவரைப் பறிகொடுத்துவிட்ட ஒரு மகனை நினைத்துக்கொள்வோம். ‘வீ ஷுட் ஹேவ் கால்ட் த டாக்டர்’ என்று அவன் சொல்லும்போது, டாக்டரை அழைக்க வேண்டியது தன் கடமையாயிருந்தும் அதில் தவறிவிட்டதாகத் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்கிறான். ‘வீ குட் ஹேவ் கால்ட் ஹிம்’ என்னும்போது பேச்சு கடமையை விட்டுச் சக்திக்குப் போய்விடுகிறது. டெலிபோன் இருந்தது, டாக்டர் வீடும் அருகில் இருந்தது, வழியிருந்தும் செய்யவில்லை என்பது பொருள். ‘ஹி மைட் ஹேவ் லிவ்ட்’ என்னும்போதோ அவன் விளைவைப் பற்றி மட்டும், அதுவும் அரைகுறை நம்பிக்கையோடு பேசுகிறான். பிழைத்தே இருப்பார் என்று துணிந்து சொல்ல நினைத்தால் அங்கே ‘வுட் ஹேவ்’ வந்திருக்கும். துயரத்திலிருக்கும் ஒருவன் தன் பொறுப்பு எவ்வளவு, விதியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதற்கு, ஒரே அமைப்பில் முதற்சொல்லை மட்டும் மாற்றி இவ்வளவு இடந்தருவது அம்மொழியின் பெருமை என்றே கருதுகிறேன்.

இந்த அமைப்பு பிறந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. ‘ஷுட்’, ‘குட்’, ‘மைட்’ ஆகிய மூன்றும் ஆதியில் ‘ஷால்’, ‘கேன்’, ‘மே’ என்பவற்றின் இறந்தகால வடிவங்களே. நாளடைவில் அவை நிகழ்காலத்து அறிவுரைக்கும் ஐயத்துக்கும் வழங்கத் தொடங்கி இறந்தகாலப் பொருளைப் பெரிதும் இழந்தமையால், அந்தப் பாரம் ‘ஹேவ்’ என்பதன்மேல் விழுந்தது. அந்த ‘ஹேவ்’ எழுவாய் எதுவாயினும் ‘ஹேஸ்’ என்றோ ‘ஹேட்’ என்றோ மாறாது. பேச்சில் அது தேய்ந்து ‘ஆஃப்’ என்னும் சொல்லைப் போலவே ஒலிப்பதால், ஆங்கிலேயரிலும் பலர் ‘ஷுட் ஆஃப்’ என்று பிழையாக எழுதிவிடுகிறார்கள்.

இனிக் குறைக்கு வருவோம். அதே துயரத்தில் டாக்டர், ‘இட் குட் ஹேவ் பீன் த ஹார்ட்’ என்கிறார். மகன் வாயில் நடவாததைக் குறித்த அதே ‘குட் ஹேவ்’, இங்கே இருதயக் கோளாறாக இருந்திருக்கலாம் என்னும், இன்னும் முடிவு காணாத ஊகமாகிவிடுகிறது. காரியம் நடந்ததா இல்லையா என்பதை அந்தப் பிரயோகம் தானாகச் சொல்வதில்லை. முன்பின் வாக்கியங்களே சொல்ல வேண்டும். ‘மே ஹேவ்’ என்பதை ஐயத்துக்கு ஒதுக்கி, நடவாது போனதற்கு ‘மைட் ஹேவ்’ என்பதையே வழங்கிய பழைய கட்டுப்பாடு இம்மயக்கத்தை ஓரளவு தடுத்தது. இறந்தவரைக் குறித்து ‘ஹி மே ஹேவ் லிவ்ட்’ என்று எழுதினால், அவர் பிழைத்தாரோ என்னவோ என்ற பொருள் அன்று தொனிக்கும். இன்று பத்திரிகைகளிலேயே இரண்டும் கலந்து வருவதை நான் நஷ்டமாகவே எண்ணுகிறேன்.

நம்மவர்க்கு இதைவிடப் பெரிய அபாயம் ‘ஷுட் ஹேவ்’ என்பதில் இருக்கிறது. பூட்டிக் கிடந்த அண்டைவீட்டில் விளக்கெரிவதைப் பார்த்து, ‘அவர் வந்திருக்க வேண்டும்’ என்கிறோம்; வந்துவிட்டார் என்ற அனுமானம் அது. கலியாணத்துக்கு வராத மாமாவைக் குறித்தும் ‘அவர் வந்திருக்க வேண்டும்’ என்றே குறைப்படுகிறோம். தமிழில் குரலும் சந்தர்ப்பமும் பிரித்துக் காட்டும் இவ்விரண்டையும் ஆங்கிலம் சொல்லாலேயே பிரித்துவிடுகிறது: முன்னதற்கு ‘மஸ்ட் ஹேவ்’, பின்னதற்கு ‘ஷுட் ஹேவ்’. வாய்பாட்டை நம்பிய மாணவன் விளக்கைக் கண்டும் ‘ஹி ஷுட் ஹேவ் கம்’ என்று எழுதினால், படிக்கும் ஆங்கிலேயன் அவர் வரவில்லை என்றே கொள்வான். கருத்து நேர் எதிராகிவிடுகிறது.

எதிர்மறையிலோ ‘ஷுடன்ட் ஹேவ்’ என்பது காரியம் நடந்தேவிட்டது என்று காட்டும். ‘குடன்ட் ஹேவ் கம்’ என்றால் வந்திருக்கவே முடியாது. ‘மைட் நாட் ஹேவ் கம்’ என்றால் வராமலும் இருந்திருக்கலாம், அவ்வளவே. சாட்சி சொல்ல வந்தவன் முன்னதைச் சொன்னால் ஒருவனை வழக்கிலிருந்தே விடுவிக்கிறான். பின்னதைச் சொன்னால் சந்தேகத்தை மட்டும் எழுப்புகிறான். ஆதலால் ஆசிரியர்கள் தமிழ்ச் சொற்களைக் கேட்பதற்கு முன், வாக்கியத்தில் சொன்ன காரியம் நடந்ததா, நடக்கவில்லையா, தெரியவில்லையா என்று மாணவனைக் கேட்டு விடை எழுதச் செய்வதே முறையாகும்.