எட்டரை மணிக்குப் போகும் செய்தி

ஒன்பது மாதமாக நான் தாமதக் கட்டணம் என்று ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. இதை எழுதும்போதே மனசு நிறைகிறது. காரணம் புதுக் கணினியோ, கணக்கு மென்பொருளோ அல்ல. முந்தின இரவே எழுதி வைத்து, மறுநாள் இரவு எட்டரைக்குத் தானாகப் போகும் ஒரே ஒரு செய்திதான். அதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் அம்பத்தூரில் இருக்கிறேன். எஸ்டேட்டில் உள்ள மூன்று சின்ன லேத் பட்டறைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். மாதம் 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்ய வேண்டும். வரி கட்ட வேண்டிய 3பி ஒரு நாள் தாமதமானால் 50 ரூபாய், அது நாளுக்கு நாள் ஏறும். தாமதம் என்னால் என்றால் அந்தப் பணத்தை நான்தான் தருவேன், பட்டறைக்காரரிடம் கேட்க மாட்டேன். இந்த வேலையில் 11க்கும் 20க்கும் நடுவே 14 என்று ஒரு தேதி இருக்கிறது. அன்றைக்குத்தான் 2பி அறிக்கை தளத்தில் வரும். நாம் சரக்கு வாங்கிய கடைக்காரர்கள் தங்கள் பில்களை ஏற்றியிருக்கிறார்களா என்று அதில் தெரியும். அதில் இல்லாத பில்லுக்கு உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு பர்ச்சேஸ் பில்லையும் அதோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

எனக்குத் தெரியாத வேலை இல்லை. கை வைத்துவிட்டால் ஓடிவிடும். ஆனால் கை வைப்பதுதான் நடக்காது. 15ஆம் தேதி சாப்பாடு முடிந்ததும் உட்காரலாம் என்று நினைப்பேன். பாத்திரம், துணி, பையனின் வீட்டுப்பாடம் என்று பத்தரை ஆகிவிடும். 16, 17, 18 எல்லாம் அப்படியே போகும். 19ஆம் தேதி இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து கண்ணெல்லாம் எரியும். அந்த அவசரத்தில் ஒரு பட்டறையாவது 21க்குத் தள்ளிப்போய்விடும்.

என்னோடு கல்லூரியில் படித்த தோழி பூந்தமல்லியில் இருக்கிறாள். பள்ளி ஆசிரியை. அவளுக்கும் இதே கதைதான், திருத்த வேண்டிய நோட்டுகள் கட்டுக் கட்டாக மேசை ஓரத்தில் இருக்கும். அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் வேலை முடிந்த சாயங்காலத்தில் ஆவடி, பருத்திப்பட்டு வழியாகப் போய் வருவது என்பது ஒரு முழு மாலையைத் தின்றுவிடும். கல்லூரியில் படிக்கும்போது தேர்வுக்கு முன்னால் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து படிப்போம். அவள் வேறு பாடம், நான் வேறு பாடம். பேச்சே இருக்காது, ஆனாலும் படிப்பு ஓடும். "அதையே வீடியோ காலில் செய்யலாம்டி" என்று ஒருநாள் அவள்தான் சொன்னாள். வெளிநாடுகளில் கவனக்குறைபாடு உள்ளவர்கள் இதை வெகுநாளாகச் செய்து வருகிறார்கள். ‘பாடி டபுளிங்’ என்று பெயர். பக்கத்தில் ஒருவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார், அதுவே உதவி.

முதல் மாதம் அது சரியாக நடக்கவில்லை. ஏனென்றால் யார் கூப்பிடுவது என்பதே இன்னொரு தொடங்காத வேலையாகிவிட்டது. அவள் களைப்பாக இருப்பாளோ என்று நான் தயங்குவேன், நான் சமையலில் இருப்பேனோ என்று அவள் தயங்குவாள். இரண்டு பேரும் காத்திருந்தே இரவு முடியும். பிறகுதான் நேரம் குறித்து அனுப்பும் செய்தியைக் கண்டுபிடித்தோம். அன்றையிலிருந்து எல்லாம் மாறிவிட்டது.

நாங்கள் டெலிகிராமில் செய்கிறோம். செய்தியைத் தட்டெழுதி, அனுப்பும் அம்புக்குறியைச் சற்று அழுத்திப் பிடித்தால் `Schedule Message` என்று வரும். நாளும் நேரமும் கொடுத்தால் முடிந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், செய்தி அவர்களுடைய சர்வரில் இருந்து போகிறது என்பதுதான். எட்டரைக்கு எங்கள் தெருவில் கரண்ட் போயிருந்தாலும், என் போன் அணைந்தே கிடந்தாலும் அது போய்ச் சேரும். சாதாரண எஸ்.எம்.எஸ் செயலியிலும் நேரம் குறிக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் போன் உயிரோடு இருக்க வேண்டும். அதுதான் வித்தியாசம்.

செய்தியில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் முழு சூட்சுமமும் இருக்கிறது. முதலில் "நாளைக்கு ஜி.எஸ்.டி வேலை பார்க்கலாமா?" என்று எழுதிப் பார்த்தேன். பலிக்கவில்லை. கேள்வியாகப் போனால் "இன்னைக்கு வேண்டாம்" என்ற பதிலும் வந்துவிடும். ‘ஜி.எஸ்.டி வேலை’ என்றால் எங்கே கை வைப்பது என்றும் தெரியாது. இப்போது நான் எழுதுவது இப்படி: "எட்டரை ஆச்சு. முதல் பட்டறையின் பர்ச்சேஸ் பில் கட்டைப் பிரித்து மேசையில் வைத்துவிட்டேன். கூப்பிடு." முந்தின இரவு இதை எழுதும்போது கட்டு இன்னும் அலமாரியில்தான் இருக்கும். ஆனால் மறுநாள் எட்டரைக்கு அந்தச் செய்தி என் பெயரில் அவளிடம் போகப்போகிறது. அது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காகவே எட்டு இருபத்தைந்துக்கு நான் கட்டை எடுத்து நூலை அவிழ்க்கிறேன். நூலை அவிழ்த்தாலே பாதி வேலை தொடங்கிவிட்டது. அதற்கு மேல் செய்தி கிடைத்ததும் கூப்பிட வேண்டியது அவள். ஆக, தொடங்கலாமா வேண்டாமா என்ற முடிவை எடுத்தவள் நேற்றிரவு தெளிவாக இருந்த நான். அதை நடத்தி வைப்பவள் என் தோழி. களைத்துப்போய் நிற்கும் எட்டரை மணி நான் எதையும் முடிவு செய்ய வேண்டியதே இல்லை!

எங்கே, எப்போது என்று முன்கூட்டியே குறித்துவிட்டால் வேலை நடக்கும் என்பதை ஆராய்ந்தவர் ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர். 1997இல் வெளியான அவருடைய ஆய்வில், கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலையை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். விடுமுறை நாளில் யாருக்குத்தான் எழுத மனசு வரும்? எந்த இடத்தில், எந்த நேரத்தில் எழுதப்போகிறோம் என்று குறித்துக்கொண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவர்கள் சொன்ன நேரத்துக்குள் எழுதி முடித்தார்கள். குறிக்காதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். எங்கள் செய்தியில் அந்த நேரமும் இடமும் இருக்கின்றன, கூடவே காத்திருக்கும் ஒரு ஆளும் இருக்கிறாள்.

போன மாதம் 15ஆம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். எட்டரைக்குச் செய்தி போனது. ஒரு நிமிஷத்தில் அவள் முகம் திரையில்.

"பிரிச்சாச்சா?"

"பிரிச்சாச்சுடி. நாப்பத்தாறு பில். எல்லாத்தையும் 2பியோட ஒத்துப் பார்த்து முடிக்கணும்."

"எனக்கு எட்டாம் வகுப்பு நோட்டு முப்பது. ஒன்பதே கால்வரை. மைக்கை மூடுறேன்."

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேரும் போனை நிமிர்த்தி வைத்துவிட்டோம். அவள் பக்கத்தில் சிவப்பு மையும் புரளும் பக்கங்களும் தெரிந்தன, என் பக்கத்தில் என் தோளும் கையும். பில்லும் கணினித் திரையும் காமிராவில் படாமல் வைப்பேன், அது பட்டறைக்காரரின் கணக்கு. இடையில் இரண்டு முறை எழுந்து அடுக்களைக்குப் போகத் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தேன், அவள் குனிந்து திருத்திக்கொண்டிருந்தாள். நானும் குனிந்துகொண்டேன். ஒன்பதே காலுக்கு 41 பில் ஒத்துப்போய்விட்டது. மீதி ஐந்தில் இரண்டு வெறும் எண் குழப்பம், பில்லில் 0147 என்று இருப்பதைக் கடைக்காரர் 147 என்று ஏற்றியிருந்தார். மூன்று பில்கள் 2பியில் வரவே இல்லை, மூன்றும் ஒரே இரும்புக் கடை. மறுநாள் காலையில் போன் செய்தபோதுதான் கடைக்காரர் தன் ஜி.எஸ்.டி.ஆர்-1ஐ இன்னும் தாக்கல் செய்யவில்லை என்று தெரிந்தது. அந்த வரியை இந்த மாதம் எடுக்க முடியாது என்று பட்டறைக்காரரிடம் 16ஆம் தேதியே சொல்லிவிட்டேன், கையில் எவ்வளவு பணம் வைக்க வேண்டும் என்று அவருக்கு நாலு நாள் முன்னாலேயே தெரிந்தது. பழைய பழக்கத்தில் இதை 19ஆம் தேதி நள்ளிரவில் கண்டுபிடித்திருப்பேன், அப்போது யாருக்கு போன் செய்வது?

இது எங்கே உதவாது என்பதையும் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு முறை எனக்குப் பழக்கமில்லாத ஒரு புதுப் படிவத்தைக் கற்றுக்கொள்ள இதே முறையில் உட்கார்ந்தேன். ஒன்றும் ஏறவில்லை, அவள் எதிரில் இருக்கிறாள் என்பதே பதற்றமாக இருந்தது. ராபர்ட் ஸாயன்ஸ் என்ற உளவியலாளர் 1965இலேயே இதற்குக் காரணம் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் ஆள் இருந்தால் கைப்பழக்கமான வேலை வேகமாகும், புதிதாகக் கற்கும் வேலை தடுமாறும். ஆகவே புதியதைத் தனியாகப் படித்துக்கொள்கிறேன். தெரிந்தும் தள்ளிப்போடும் வேலையை மட்டும்தான் எட்டரைக்குக் கொண்டுவருகிறேன்.

இன்னும் இரண்டு கவனங்கள். அவளுடைய போனில் டெலிகிராமின் ஒலி அணைக்கப்பட்டிருந்தாலோ, பேட்டரி சிக்கனம் என்று போன் அந்தச் செயலியைத் தூங்க வைத்திருந்தாலோ செய்தி வந்தும் மணி அடிக்காது. முதல் வாரமே இரண்டு போனிலும் அதைச் சரிபார்த்துக்கொண்டோம். அடுத்தது பேச்சு. மைக்கை மூடாமல் விட்ட ஒரு நாள் அவள் மாமியார் கதையில் முக்கால் மணி நேரம் போனது. இப்போது கதையெல்லாம் ஒன்பதே காலுக்கு மேல்தான். வேலை முடிந்த நிம்மதியில் பேசும்போது அதன் ருசியே தனி.

உங்களுக்கும் அப்படி ஒரு வேலை இருக்கும், செய்யத் தெரிந்தும் கை போகாத வேலை. அதன் முதல் அசைவு எது என்று யோசியுங்கள். கட்டைப் பிரிப்பதா, துணியை விரிப்பதா, கோப்பைத் திறப்பதா? அதை முடித்துவிட்டதாகவே எழுதி, கடைசியில் "கூப்பிடு" என்று சேர்த்து, உங்களைத் திட்டாமல் எதிரில் உட்காரக்கூடிய ஒரு ஆளுக்கு நாளைய நேரம் போட்டு வையுங்கள். இன்று இரவு தூங்குவதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.