குலை தள்ளிய வாழைதான்

ஏரல் பக்கத்து வாழைத் தோட்டக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். யாரோ அதைக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்திருக்கிறார். அந்த எழுத்தாக்கம் இப்படி இருக்கும்: "முந்தாநேத்து ராத்திரி காத்து அடிச்சதுல நம்ம வாழ எல்லாம் சாஞ்சுட்டு கொல தள்ளுன வாழ தான் பூராவும் ஒரு நானூறு இருக்கும் முட்டு குடுத்தது மட்டும் நிக்குது வி ஏ ஓ வந்தாவ பாத்தாவ போட்டோ எடுத்தாவ போயிட்டாவ வேற ஒண்ணும் சொல்லல எழுதிக் குடுத்தா ஏதோ வருமாம் தம்பி சொல்லுதான் எனக்கென்னமோ நம்பிக்க இல்ல."

இதை எழுத்துத் தமிழில் கேட்கிறார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. மனுவா, வெளியூரில் இருக்கும் அண்ணனுக்குக் கடிதமா, செய்தித்தாளுக்குத் துணுக்கா, ஒன்றும் தெரியாது. நோக்கம் தெரிந்தால் வேலை எளிது. மனுவுக்கு ஒரு வாய்பாடு இருக்கிறது, கடிதத்துக்கு ஒன்று இருக்கிறது. நோக்கம் தெரியாதபோதுதான் எழுதுபவரின் தேர்ச்சி வெளிப்படுகிறது. பேச்சின் உருவம் முழுவதும் மாற வேண்டும். ஆனால் பேசியவர் சொன்னது எதுவும் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

முதல் சோதனை வாக்கியம் எங்கே முடிகிறது என்பதில் வருகிறது. "சாஞ்சுட்டு" என்பதைச் சென்னைக்காரர் ஒருவர் படித்தால் "சாய்ந்துவிட்டு" என்று எடுத்துக்கொண்டு அடுத்த வினையைத் தேடுவார். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பேச்சில் அது முற்றுவினை. "சாய்ந்துவிட்டது" என்று பொருள். "மழ வந்துட்டு" என்றால் அங்கே மழை வந்தாயிற்று. இது தெரிந்த கை அங்கேயே முற்றுப்புள்ளி வைக்கும். தெரியாத கை வைக்காது. அந்த எச்சம் முடிவைத் தேடி அடுத்த வாக்கியத்துக்குள் புகுந்து, குலை தள்ளிய வாழைகளையும் சாய்ந்த வாழைகளையும் ஒன்றோடொன்று குழப்பும். ஐயம் வந்தால் பதிவையே திரும்பக் கேட்பதுதான் வழி. எழுத்தாக்கத்தில் இல்லாத நிறுத்தம் குரலில் இருக்கும்.

அடுத்தது "கொல". பேச்சில் முதல் எழுத்தின் உகரம், பின்னால் அகரமோ ஐகாரமோ வந்தால், ஒகரமாக இறங்கிவிடும். குடம் கொடமாவதும், குடை கொடையாவதும் அப்படித்தான். அதே வழியில் குலை "கொல" ஆகிறது. கொலை என்ற சொல்லும் பேச்சில் "கொல" என்றே ஒலிக்கிறது. பொருள் பாராமல் எழுதினால் வாழைத் தோட்டத்தில் கொலை நடந்துவிடும். "தள்ளுன" என்ற பக்கத்துச் சொல்தான் இங்கே காப்பாற்றுகிறது. குலை தள்ளிய வாழை என்பது எழுத்திலும் நிற்கும் நல்ல தொடர். அதைப் பெயர்த்துவிட்டு "காய்ப்பு நிலையை எட்டிய மரங்கள்" என்று எழுதுவது மெருகு அல்ல; தோட்டக்காரரின் சொல்லறிவைப் பறிப்பது.

"ஒரு நானூறு இருக்கும்" என்பதில் எத்தனை கவனம் இருக்கிறது என்று பாருங்கள். அந்த "ஒரு" எண்ணிக்கை அல்ல, உத்தேசம். "இருக்கும்" என்பதும் எதிர்காலம் அல்ல, ஊகம். அவர் எண்ணவில்லை; கண்ணால் அளந்து சொல்கிறார். "400 வாழைகள் சாய்ந்தன" என்று எழுதிவிட்டால் அவர் சொல்லாத ஓர் உறுதியை அவர் தலையில் கட்டியாயிற்று. நாளை அந்தத் தாள் ஓர் அலுவலக மேசைக்குப் போய், ஆள் வந்து எண்ணி 350 என்று சொன்னால், பொய் சொன்னவர் தோட்டக்காரர் என்றாகும். "ஏறத்தாழ நானூறு இருக்கும்" என்பதே நேர்மையான எழுத்து. "முந்தாநேத்து" என்பதையும் தேதியாக்கக் கூடாது. "நேற்று முன்தினம்" போதும். பதிவு வந்த நாள் தெரிந்தால் மேலே தனியாகக் குறிக்கலாம்.

"வந்தாவ" என்ற வடிவம் மரியாதைக்கும் பன்மைக்கும் பொது. வி.ஏ.ஓ. ஒருவர்தான், அதனால் "வந்தார்". "வந்தார்கள்" என்றால் உடன் ஆட்கள் வந்ததாகப் படிப்பவர் நினைக்கக்கூடும். அலுவலர் ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டாலும் "ஆர்" விகுதி இரண்டையும் தாங்கும்.

அந்த நான்கு வினைகளில்தான் ரசிகர் நின்று பார்க்க வேண்டும். வந்தாவ, பாத்தாவ, எடுத்தாவ, போயிட்டாவ. எழுத்துத் தமிழின் வழக்கமான நடை முதல் மூன்றையும் எச்சமாக்கிக் கோக்கச் சொல்லும்: "வந்து பார்த்துப் புகைப்படம் எடுத்துச் சென்றார்." இலக்கணம் சுத்தம். ஆனால் ஒரு கடமை ஒழுங்காக நிறைவேறிய நிம்மதி அதில் தொனிக்கிறது. தோட்டக்காரர் சொன்னது அதுவல்ல. ஒவ்வொரு வினையையும் தனியே முடித்து முடித்துச் சொன்னதிலும், கடைசியில் "போயிட்டாவ" என்று "விடு"வைச் சேர்த்ததிலும் ஏமாற்றம் இருக்கிறது. "வந்தார், பார்த்தார், புகைப்படம் எடுத்தார், போய்விட்டார்" என்று எழுதினால் நடையும் எழுத்து நடை, மனமும் அவர் மனம். "சென்றார்" என்ற சொல் இங்கே உயர்ந்ததாகத் தெரிந்தாலும் அந்த மனத்தாங்கலைச் சுமக்காது.

"ஏதோ வருமாம்" என்பது இன்னொரு நுட்பம். பேச்சின் கொச்சை எல்லாவற்றையும் துடைக்கும் வேகத்தில் பலர் இந்த "ஆம்" விகுதியையும் துடைத்துவிடுகிறார்கள். அது கொச்சையே அல்ல. பிறர் சொல்லக் கேட்டது என்பதைக் காட்ட எழுத்துத் தமிழிலும் அதுவே கருவி. "ஏதோ" என்பதை "நிவாரணம்" என்றோ "இழப்பீடு" என்றோ நிரப்புவது அதைவிடப் பெரிய தவறு. என்ன வரும் என்று அவருக்கே தெரியாது. "தம்பி" உடன்பிறந்தவரா, மகனா, தெருவில் பழகிய இளைஞரா என்பதும் தெரியாது; தென்பக்கத்தில் மூவரையும் தம்பி என்பார்கள். அதனால் தம்பி தம்பியாகவே இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் மதித்து எழுதினால் இப்படி வரும்:

"நேற்று முன்தினம் இரவு காற்று அடித்ததில் நம் வாழை எல்லாம் சாய்ந்துவிட்டது. முழுவதும் குலை தள்ளிய வாழைதான். ஏறத்தாழ நானூறு இருக்கும். முட்டுக் கொடுத்தவை மட்டும் நிற்கின்றன. கிராம நிர்வாக அலுவலர் வந்தார், பார்த்தார், புகைப்படம் எடுத்தார், போய்விட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தால் ஏதோ வருமாம், தம்பி சொல்கிறான். எனக்கு என்னவோ நம்பிக்கை இல்லை."

"நம் வாழை" என்பதை "எங்கள் வாழை" ஆக்காதது தற்செயல் அல்ல. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டு பேசும் சொல் அது. பதிவு வீட்டாருக்குப் போனதாக இருந்தால் அந்தச் சேர்த்தல் உண்மை. வேறொருவருக்கு என்றாலும் அவர் வாயில் வந்தது அதுதான். "முட்டுக் கொடுத்த", "எழுதிக் கொடுத்தால்" என்ற இடங்களில் ஒற்று மிகுவதும், "வாழைதான்" ஒரே சொல்லாகச் சேர்வதும் தட்டச்சில் அடிக்கடி தவறும். கண்ணுக்கு முதலில் படும் அரைகுறை இவைதான்.

கடைசி வாக்கியத்தை நீக்கத்தான் பெரும்பாலோர் கை துடிக்கும். மனு என்று சொல்லியிருந்தால் நீக்கத்தான் வேண்டும். சொல்லாதவரை அது இருக்க வேண்டும், ஏனென்றால் அண்ணனுக்குப் போகும் கடிதமாக இருந்தால் அதுதான் செய்தி. பிறகு ஒருநாள் அவர் வந்து "இதையே தாசில்தாருக்கு மனுவாக்கித் தாருங்கள்" என்றால் அது வேறு வேலை. அப்போது "நம்" என்பது "என்" ஆகும், தம்பியும் நம்பிக்கையின்மையும் விடைபெறும், நேற்று முன்தினம் தேதியாகும், சாய்ந்த வாழைகளைத் தோட்டத்துக்குப் போய் எண்ணச் சொல்ல வேண்டும், பதிவில் இல்லாத சர்வே எண்ணையும் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அவரிடமே கேட்டு வாங்க வேண்டும்.