தலைவெட்டியும் வக்கீலும்

ஆர்தர் ஆப்பிள்பாம் 1999இல் எழுதிய 'எதிக்ஸ் ஃபார் அட்வெர்சரீஸ்' நூலின் நாயகன் ஒரு தலைவெட்டி. பாரிஸ் நகரத்து ஷார்ல் ஆன்ரி சான்சோன். மன்னராட்சியில் மன்னன் சொன்ன தலைகளை வெட்டினார். புரட்சி வந்தது. 1793 ஜனவரி 21 அன்று அந்த மன்னன் பதினாறாம் லூயியின் தலையையும் அவர்தான் வெட்டினார். ஆட்சி மாறியது, ஆள் மாறவில்லை.

சான்சோன் சொல்லக்கூடிய வாதத்தை ஆப்பிள்பாம் எடுத்து வைக்கிறார். 'நான் கொல்லவில்லை, தண்டனையை நிறைவேற்றுகிறேன். தீர்ப்பு சரியா என்று பார்ப்பது என் வேலையில்லை.' இதைக் கேட்டு நாம் முகம் சுளிக்கிறோம். ஆனா நம்ம வக்கீல் என்ன சொல்றார்? சாட்சி சொல்ல வந்த பெண் உண்மைதான் பேசுகிறாள் என்று தெரிந்தும், குறுக்கு விசாரணையில் அவளைப் பொய்க்காரியாக்குகிறார். கேட்டால் 'நான் பொய் சொல்லவில்லை, கட்சிக்காரருக்காக வாதாடுகிறேன்' என்கிறார். சேல்ஸ்மேன் பேச்சும் இதே சுருதிதான். ஆப்பிள்பாமின் பதில் எளிது: செயலுக்குத் தொழில் புதுப்பெயர் வைக்கலாம், பழைய பெயரை அழிக்க முடியாது. தண்டனையை நிறைவேற்றினாலும் கொன்றது கொன்றதுதான். வாதாடினாலும் ஏமாற்றியது ஏமாற்றியதுதான். அதற்குத் தனியாக நியாயம் காட்டியாக வேண்டும். 'என் வேலை' என்பது நியாயம் ஆகாது.

இதுவரை எனக்கு உடன்பாடு. ஆனால் சான்சோனை வக்கீலின் பக்கத்தில் நிற்க வைக்கும்போது ஒன்று இடறுகிறது. சான்சோன் அந்த வேலைக்கு மனுப்போட்டு வந்தவர் இல்லை. 1688 முதல் 1847 வரை அந்தக் குடும்பத்துக்கு அதுதான் தொழில். தலைவெட்டிக் குடும்பங்கள் தங்களுக்குள்ளேதான் பெண் கொடுத்து எடுத்தன. சந்தையில் தானியத்தில் ஒரு பங்கு எடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு, ஆனால் கை படக்கூடாது, கரண்டியால் அள்ளினார்கள். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1789 டிசம்பரில் பிரெஞ்சு தேசிய சபையில் இவர்களுக்குக் குடியுரிமை பற்றி விவாதம் நடந்தது. இவர்களை விலக்குவது தப்பெண்ணமே இல்லை, நல்ல மனிதன் எவனும் இவர்களைப் பார்த்தால் நடுங்கத்தான் செய்வான் என்றார் மோரி பாதிரியார். கிளெர்மோன் தொனேர் மறுத்தார்: ஒரு காரியத்தைச் செய் என்று கட்டளையிடும் சட்டமே, செய்தால் நீ இழிந்தவன் என்றும் சொல்வது அபத்தம்.

எனக்கு ஆப்பிள்பாமைவிட இந்தச் சண்டைதான் முக்கியம். தீர்ப்பெழுதிய நீதிபதி விருந்துக்குப் போனார். அவர் 'கடமையைச் செய்தேன்' என்றதும் ஊர் ஒத்துக்கொண்டது. அதே தீர்ப்பை நிறைவேற்றியவனுக்குக் கரண்டி. 'அது என் பாத்திரம், நானல்ல' என்ற சாக்கு ஏணியின் மேல்படியில்தான் செல்லுபடியானது. கீழே வேலையும் ஆளும் ஒன்றாகவே ஒட்டிவைக்கப்பட்டன, அவன் பிள்ளையோடும் சேர்த்து. தொழில் ஒழுக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தச் சாக்கு சரியா என்று கேட்கிறார்கள். யாருக்கு அது கிடைக்கிறது என்பதையும் கேட்டிருந்தால், வக்கீலுக்கான இடம் சான்சோன் பக்கத்தில் இல்லை, அந்த நீதிபதியின் விருந்து மேசையில் என்று தெரிந்திருக்கும்.